ஸ்டார்ட்அப் தொடக்கத்துக்குச் செய்திக்குறிப்பு: முதல் வாக்கியத்தில் டிராஃப்டர் எங்கே?

கேள்வி: "பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வணிகத் தகவல் தொடர்புப் பாடத்தில், மாணவர் ஸ்டார்ட்அப் ஒன்றின் தொடக்கத்தை அறிவிக்கும் பிரஸ் ரிலீஸ் எழுதச் சொன்னார்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து திருச்சியில் தொடங்கவிருக்கும், பொறியியல் மாணவர்கள் வரைபடம் வரையப் பயன்படுத்தும் டிராஃப்டர் கருவியை வாடகைக்குத் தரும் திட்டத்தை வைத்தே எழுதினேன். 'இது விளம்பரம், பிரஸ் ரிலீஸ் அல்ல' என்று ஆசிரியர் திருப்பித் தந்துவிட்டார். வரைவையும் திட்டக் குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன். எதை மாற்ற வேண்டும்?"

உங்கள் வரைவின் முதல் வாக்கியம் இது: "இளைய தலைமுறையின் புதுமைச் சிந்தனையில் உதித்த, மாணவர்களின் கல்விப் பயணத்தையே மாற்றியமைக்கவிருக்கும் எங்கள் ஸ்டார்ட்அப் நிறுவனத்தின் தொடக்கத்தை மிக்க மகிழ்ச்சியுடன் அறிவித்துக்கொள்கிறோம்." இதில் டிராஃப்டர் என்ற சொல்லே இல்லை. திருச்சி இல்லை, வாடகை இல்லை, தேதி இல்லை. பெயரை மாற்றினால் இதே வாக்கியம் ஒரு டியூஷன் சென்டருக்கும் பொருந்தும், ஜூஸ் கடைக்கும் பொருந்தும். உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான்.

செய்திக்குறிப்பை முதலில் படிப்பவர் வாடிக்கையாளர் அல்லர். செய்தி மேசையில் இருக்கும் துணை ஆசிரியர். மாலை நேரத்தில் அவர் முன்னால் இதுபோல் பல குறிப்புகள் குவிந்திருக்கும். முதல் இரண்டு வரிகளில் "என்ன, யார், எங்கே, எப்போது, எவ்வளவு" தெரிந்தால் எடுத்துக்கொள்வார். தெரியாவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார். எடுத்துக்கொண்டால் அதைத் தன் பத்திரிகையின் செய்தியாக, தன் குரலில் வெளியிட வேண்டும். "அறிவித்துக்கொள்கிறோம்" என்பதை அவர் எப்படி அச்சிடுவார்? அறிவிப்பது பத்திரிகை அல்லவே. செய்திக்குறிப்பைப் படர்க்கையில் எழுத வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது. மேற்கோளுக்குள் மட்டும் "நாங்கள்" வரலாம்.

மக்கள் தொடர்புப் பாடங்களில், நவீன செய்திக்குறிப்பின் தொடக்கமாக 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் நடந்த ரயில் விபத்தைக் குறிப்பிடுவார்கள். பென்சில்வேனியா ரயில்வேக்காக ஐவி லீ என்பவர் விபத்தின் விவரங்களை எழுதிக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. புகழுரையாக இருந்திருந்தால் அது அச்சேறியிருக்காது.

இனி உங்கள் சரக்கைப் பார்ப்போம். வரைவில் இல்லாத அத்தனையும் திட்டக் குறிப்புகளில் இருக்கின்றன. மூத்த மாணவர்களிடமிருந்து 70 பழைய மினி டிராஃப்டர்களை வாங்கியிருக்கிறீர்கள். திருகுகள் தளர்ந்து இரண்டு அளவுகோல்களும் செங்கோணத்தில் நிற்காமல் ஆடுவதுதான் பழைய டிராஃப்டரின் வழக்கமான கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்துச் சோதித்து, தேறாத 11-ஐ ஒதுக்கியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்கு உங்கள் திட்டத்தின் மேல் நம்பிக்கை வந்தது. பழைய பொருளை வாடகைக்கு எடுக்கத் தயங்கும் மாணவர் கேட்கும் முதல் கேள்வியே "கோணம் சரியாக இருக்குமா?" என்பதுதான். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைக் குறிப்பேட்டில் வைத்துவிட்டு, செய்திக்குறிப்பில் "உயர்தரமான சேவை" என்று எழுதிவிட்டீர்கள்.

இன்னொன்று: வரைவில் "நூற்றுக்கணக்கான டிராஃப்டர்கள்" என்கிறீர்கள். உங்களிடம் வாடகைக்குத் தயாராக இருப்பவை 59. நிருபர் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வியிலேயே இது உடைந்துவிடும். 59 என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. எண்ணிச் சொல்பவர் என்ற மதிப்பு அதில்தான் வரும்.

உங்கள் குறிப்புகளைக் கொண்டே திருத்தி எழுதிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயருக்குக் கோடு போட்டிருக்கிறேன்.

உடனடி வெளியீட்டுக்கு

முதலாம் ஆண்டு பொறியியல் மாணவர்களுக்கு வாடகை டிராஃப்டர்: திருச்சி பி.பி.ஏ. மாணவர்கள் தொடங்குகின்றனர்

திருச்சி, ஜனவரி 19: பயன்படுத்திய மினி டிராஃப்டர்களைச் சரிபார்த்து, ஒரு பருவத்துக்கு 150 ரூபாய் வாடகையில் முதலாம் ஆண்டு பொறியியல் மாணவர்களுக்கு வழங்கும் சேவையை, பி.பி.ஏ. மாணவர்கள் நான்கு பேர் பிப்ரவரி 2-ஆம் தேதி திருச்சியில் தொடங்குகின்றனர்.

______ என்ற பெயரிலான இச்சேவைக்காக மூத்த மாணவர்களிடமிருந்து 70 டிராஃப்டர்கள் வாங்கப்பட்டன. அளவுகோல்கள் செங்கோணத்தில் நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றும் மூலைமட்டம் வைத்துச் சோதிக்கப்பட்டது. தேறாத 11 ஒதுக்கப்பட்டு, மீதமுள்ள 59 வாடகைக்குத் தயாராக உள்ளன.

டிராஃப்டர் பெறும் மாணவர் வாடகையுடன் 400 ரூபாய் முன்பணம் செலுத்த வேண்டும். பருவத் தேர்வு முடிந்து நல்ல நிலையில் திருப்பித் தரும்போது முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். இடையில் கோணம் தளர்ந்தால் வேறு டிராஃப்டர் மாற்றித் தரப்படும்.

"நான்காம் ஆண்டு மாணவரின் கட்டிலுக்கு அடியில் ஒரு டிராஃப்டர் தூசி படிந்து கிடக்கிறது, அதே விடுதியில் முதலாம் ஆண்டு மாணவர் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்குகிறார். இந்த இரண்டு அறைகளையும் இணைப்பதுதான் எங்கள் வேலை" என்றார் குழுவின் ஒருங்கிணைப்பாளர்.

______ பற்றி: திருச்சியில் பி.பி.ஏ. பயிலும் நான்கு மாணவர்கள் நடத்தும் முயற்சி. பொறியியல் மாணவர்கள் குறுகிய காலமே பயன்படுத்தும் கருவிகளை வாடகைக்குத் தருகிறது.

தொடர்புக்கு: பெயர், பொறுப்பு, கைப்பேசி எண், மின்னஞ்சல்

###

கடைசியில் உள்ள மூன்று குறிகள் "செய்தி இத்துடன் முடிந்தது" என்பதற்கான வழக்கம். மதிப்பெண் பட்டியலில் பெரும்பாலும் இதுவும் இருக்கும், விட்டுவிடாதீர்கள். "பற்றி" என்று தொடங்கும் பத்தி, நீங்கள் வெளியிடும் எல்லாக் குறிப்புகளிலும் மாறாமல் வரும் அறிமுகம். இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் வேண்டாம்.

பத்திகளின் வரிசையைக் கவனியுங்கள். இடம் போதாதபோது பத்திரிகையில் கீழிருந்துதான் வெட்டுவார்கள். மேற்கோள் போனாலும் செய்தி நிற்கும். முன்பணப் பத்தி போனாலும் நிற்கும். முதல் பத்தி மட்டும் மிஞ்சினாலும், ஒரு மாணவர் அதைப் படித்துவிட்டு பிப்ரவரி 2-ஆம் தேதி தேடி வர முடியும். உங்கள் வரைவை இப்படிக் கீழிருந்து வெட்டிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது மகிழ்ச்சி மட்டும்தான். விலையும் தேதியும் வெட்டப்பட்ட பகுதியோடு போய்விட்டன.

மேற்கோளைப் பற்றி ஒரு வார்த்தை. "மாணவர்களின் முன்னேற்றமே எங்கள் இலக்கு" என்று நீங்கள் எழுதியிருந்ததை யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதால் யாரும் அச்சிட மாட்டார்கள். விவரப் பத்திகளில் சொல்ல முடியாத ஒன்றை, அதாவது ஏன் தொடங்கினீர்கள் என்பதை, பேசும் குரலில் சொல்வதற்குத்தான் அந்த இடம். நான் எழுதியது ஒரு மாதிரி. உங்கள் ஒருங்கிணைப்பாளர் உண்மையில் எப்படிச் சொல்வாரோ, அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவர் பெயரையும் போடுங்கள். பெயரில்லாத மேற்கோளைச் செய்தி மேசை மதிக்காது. வரைவில் உங்கள் கல்லூரி முதல்வரின் வாழ்த்துரை என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். அவர் அப்படிச் சொன்னாரா? வகுப்புப் பயிற்சிதானே என்று, சொல்லாததை ஒருவர் வாயில் வைக்காதீர்கள். அவரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, சட்டம் தொடர்பான ஓர் இடம். வரைவின் தலைப்பில் பெயருக்குப் பின்னால் "பிரைவேட் லிமிடெட்" என்று போட்டிருக்கிறீர்கள்; குறிப்புகளில் "இன்னும் பதிவு செய்யவில்லை" என்கிறீர்கள். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 453-ஆம் பிரிவின்படி, அவ்வாறு பதிவு பெறாமல் "லிமிடெட்" அல்லது "பிரைவேட் லிமிடெட்" என்ற சொற்களோடு முடியும் பெயரில் தொழில் நடத்தினால் நாள் ஒன்றுக்கு 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வகுப்பில் கொடுக்கும் தாளுக்கு யாரும் அபராதம் போட வரமாட்டார்கள். ஆனால் இதே தாள் நாளை உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஏறும். "ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் பெற்ற" என்பதையும் அடித்துவிடுங்கள். 2016-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் அங்கீகாரச் சான்றிதழ், முறையாகப் பதிவு பெற்ற நிறுவனம் விண்ணப்பித்துப் பெற வேண்டிய ஒன்று. இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் கிடைத்துவிடாது. "மாணவர் முயற்சி", "மாணவர் ஸ்டார்ட்அப்" என்று எழுதுவதில் சிக்கல் இல்லை. "தமிழகத்திலேயே முதல்முறையாக" என்பதும் போகட்டும். மற்ற எல்லாக் கல்லூரிகளிலும் விசாரித்துவிட்டா எழுதினீர்கள்?

தேதியில் மாணவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் வருவது குறிப்பு வெளியாகும் நாள். சேவை தொடங்கும் நாள் வாக்கியத்துக்குள் வர வேண்டும். "நாளை", "வரும் திங்கள்" என்று எழுதினால், இரண்டு நாள் கழித்து அச்சிடும் பத்திரிகையில் அது தவறாகிவிடும். "உடனடி வெளியீட்டுக்கு" என்று போட்டால் இன்றே வெளியிடலாம் என்று பொருள். குறிப்பிட்ட நாளுக்கு முன் வரக் கூடாது என்றால், அந்த நாளையும் நேரத்தையும் மேலேயே எழுதிவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் அதற்குத் தேவையில்லை.

பயிற்சியை ஒப்படைத்த பிறகு உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கும் அனுப்பப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அனுப்புங்கள், ஆனால் அழகாக வடிவமைத்த பி.டி.எஃப். ஆகவோ, வாட்ஸ்அப் படமாகவோ அனுப்ப வேண்டாம். துணை ஆசிரியருக்கு வேண்டியது நகலெடுத்து ஒட்டக்கூடிய எழுத்து. மின்னஞ்சலின் உடலிலேயே யூனிகோடு தமிழில் ஒட்டி அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். மின்னஞ்சலின் தலைப்பு வரியில் "செய்திக்குறிப்பு" என்று மட்டும் போடாமல் செய்தியின் தலைப்பையே போடுங்கள். படம் தனிக் கோப்பாக இருக்கட்டும், அதில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதிவிடுங்கள். நால்வரும் கட்டைவிரல் உயர்த்தி நிற்கும் படத்தைவிட, மூலைமட்டத்தில் டிராஃப்டரை வைத்துச் சோதிக்கும் படத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

தொடர்பு எண்ணாக வகுப்பு நேரத்திலும் எடுக்கக்கூடியவரின் எண்ணைக் கொடுங்கள். நிருபர் ஒருமுறைதான் அழைப்பார்.