சிங்கப்பூரில் ஒரு மாதத்துக்கு வீடு: முன்பணம் அனுப்பும் முன்

கேள்வி: அடுத்த மாதம் சிங்கப்பூரில் என் மகளுக்குப் பிரசவம். அவர்கள் இருப்பது ஒற்றைப் படுக்கையறை வீடு. அதனால் நானும் மனைவியும் 30 நாளைக்கு பர்னிஷ்டு காண்டோ ஒன்றைப் பேசியிருக்கிறோம். மாத வாடகை 3,200 சிங்கப்பூர் டாலர், அட்வான்ஸும் அதே அளவு. "ஒப்பந்தத்தை 3 மாதம் என்று எழுதிக்கொள்வோம், நீங்கள் ஒரு மாதத்தில் காலி செய்துவிடலாம்" என்கிறார் உரிமையாளர். நாளைக்குள் பணம் கேட்கிறார். அனுப்பலாமா? – வேளச்சேரி வாசகர்

பதில்: அனுப்பாதீர்கள், ஐயா. உரிமையாளர் நல்லவரா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த வீட்டை ஒரு மாதத்துக்கு விடவே அங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை.

சிங்கப்பூரில் காண்டோ போன்ற தனியார் குடியிருப்பைத் தொடர்ந்து 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. 2017 வரை இது 6 மாதமாக இருந்தது. அரசு கட்டிய வீவக வீடுகளுக்கு இன்றும் 6 மாதம்தான். அவற்றைச் சுற்றுலா விசாவில் வருபவருக்கு வாடகைக்கு விடவே முடியாது. நகர மறுசீரமைப்பு ஆணையமான யூஆர்ஏ இதைக் கண்காணிக்கிறது. மீறும் உரிமையாளருக்கு 2 லட்சம் டாலர் வரை அபராதம் உண்டு.

அபராதம் அவருக்குத்தானே, எனக்கென்ன என்று தோன்றலாம். அந்த "3 மாதம்" என்ற வரியைப் பாருங்கள். காகிதப்படி நீங்கள் 9,600 டாலருக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள். ஒரு மாதத்தில் கிளம்பினால், "பாதியில் விட்டுப் போனார்" என்று சொல்லி அட்வான்ஸைப் பிடித்துக்கொள்ள அவருக்கு அதுவே ஆதாரம். ஒரு மாதம் என்று பேசியது வெறும் வாய்வார்த்தை. அதை வாட்ஸ்அப் செய்தியால் நிரூபித்தாலும், சட்டத்துக்குப் புறம்பான ஏற்பாட்டில் நீங்களும் தெரிந்தே சேர்ந்ததாகத்தான் ஆகும். அந்த நிலையில் அங்குள்ள சிறு உரிமைகோரல் மன்றத்தில் பணத்தைத் திரும்பக் கேட்பது மிகவும் கடினம்.

நங்கநல்லூரைச் சேர்ந்த என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் போனார். கேட்டில் காவலர் கேட்டால் "அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறோம்" என்று சொல்லச் சொன்னார்களாம். நான்காம் நாள் மேல்மாடிக்காரர் புகார் கொடுக்க, லிஃப்டுக்கான அட்டையை நிர்வாகம் முடக்கிவிட்டது. அறுபது வயதுத் தம்பதி, கையில் இரண்டு பெட்டி, இரவு ஒன்பது மணி. அட்வான்ஸ் இன்றுவரை வரவில்லை. இதில் இன்னொன்றும் இருக்கிறது: சிங்கப்பூருக்குள் நுழையும் முன் நிரப்பும் வருகை அட்டையில் தங்கும் முகவரியை நீங்களே எழுத வேண்டும்.

உங்களுக்குப் பொருந்துவது அனுமதி பெற்ற சர்வீஸ்டு அபார்ட்மென்ட். அதில் குறைந்தபட்சம் 7 நாள் தங்கினால் போதும், சமையலறையும் இருக்கும். நீண்ட நாள் தங்குவதற்கென்றே 3 மாதக் குறைந்தபட்சத்தோடு ஒரு புதிய வகையும் வந்திருக்கிறது. அதனால் "30 நாளுக்குத் தருவீர்களா, யூஆர்ஏ அனுமதி உண்டா" என்று மின்னஞ்சலிலேயே கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

விலைக்குப் பின்னால் "++" என்று இருந்தால் கவனியுங்கள். 10 சதவீத சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்று பொருள். 4,000++ என்றால் முதலில் 4,400, பிறகு 4,796 டாலர். மின்சாரம் வாடகைக்குள் அடங்குமா, அடங்கினால் மாதத்துக்கு எத்தனை டாலர் வரை என்றும் கேளுங்கள். பிள்ளை பெற்ற வீட்டார் வந்து போகும் இடத்தில் ஏசி பகலிலும் ஓடும், வரம்பைத் தாண்டிய தொகையை அட்வான்ஸில்தான் கழிப்பார்கள். அட்வான்ஸை எத்தனை நாளில் திருப்புவார்கள், எதற்கெல்லாம் கழிப்பார்கள் என்ற இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். உள்ளே நுழைந்த அன்றே சோபா, மெத்தை, அடுப்பு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.

மாப்பிள்ளை அங்கேயே இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. அவரை ஒரு மாலை நேரில் போய், மருத்துவமனைக்கு நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரசவம் கேகே மருத்துவமனையில் என்றால் லிட்டில் இந்தியா எம்ஆர்டி பக்கம் இடம் பார்ப்பது நல்லது. காய்கறியும் இட்லி மாவும் காலடியிலேயே கிடைக்கும். ஞாயிறு மாலையில் அங்கே கூட்டம் நெரியும். அந்த நேரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் சத்தம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும், முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். தனி நபர் பெயரில் கணக்கு எண் வந்தால் நிறுத்திவிடுங்கள். இடைத்தரகர் இருந்தால் அவருடைய பதிவு எண்ணையும் கைபேசி எண்ணையும் அங்குள்ள சொத்து முகவர் மன்றமான சிஇஏவின் பொதுப் பதிவேட்டில் மாப்பிள்ளை ஐந்து நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம்.

இதைப் படிக்கும் முன்பே பணம் அனுப்பியிருந்தால், முதலில் உங்கள் வங்கியை அழைத்துப் பணத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வீடே போலி என்று சந்தேகம் இருந்தால் உடனே 1930-க்கு அழைத்து, cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.