ஆச்சி சொன்ன கொழுக்கட்டைக் கதையை எழுத்தில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: என் ஆச்சி அம்பாசமுத்திரத்துக்காரர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூரில், தோ பாயோவில் இருக்கிறார். அவர் சொன்ன 'அத்திரிபாச்சா கொழுக்கட்டை' கதையைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். பேசியபடியே எழுதினால் என் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை. எழுத்துத் தமிழில் எழுதினால் பாடநூல் மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், காதில் விழுந்தபடியே ஒரு படி எழுதிவிடுங்கள். ஆச்சி இருமியதும், பிள்ளைகள் 'உம்' கொட்டியதும்கூட அதில் இருக்கட்டும். அவர் மூச்சு விடும் இடத்தில் வரியை முடியுங்கள். பத்து நிமிடப் பதிவுக்கே எனக்கு ஒரு பிற்பகல் போய்விடும். ஆனால் இந்தப் படி இல்லாமல் நேரே எழுத்துத் தமிழுக்குப் போனால், கை தானாகவே பள்ளிக் கட்டுரை எழுதத் தொடங்கிவிடும்.

கதையின் தொடக்கத்தை உங்கள் ஆச்சி ஏறக்குறைய இப்படிச் சொல்லியிருப்பார்:

"மாமியா வீட்டுக்குப் போனானாம். போனவனுக்கு அவுக கொழக்கட்ட அவிச்சுக் குடுத்தாவளாம். தின்னான், தின்னான், தின்னுட்டு, இது என்னன்னு கேட்டானாம்."

இதை, "அவன் மாமியார் வீட்டிற்குச் சென்றான். அங்கு வழங்கப்பட்ட கொழுக்கட்டைகளை விரும்பி உண்டு, அவற்றின் பெயரைக் கேட்டறிந்தான்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆச்சியும் இல்லை. நான் இப்படி எழுதுவேன்:

"மாமியார் வீட்டுக்குப் போனானாம். போனவனுக்கு அவர் கொழுக்கட்டை அவித்துக் கொடுத்தாராம். தின்றான், தின்றான், தின்றுவிட்டு, இது என்ன என்று கேட்டானாம்."

உச்சரிப்பு மட்டும்தான் எழுத்துக்கு மாறியிருக்கிறது. 'போனானாம், போனவனுக்கு' என்று முந்தைய வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது புறப்படுவது அப்படியே இருக்கிறது. கதைசொல்லிகள் அடுத்ததை நினைவுக்குக் கொண்டுவரும் வழி அது. 'தின்றான், தின்றான்' என்ற அடுக்கும் அப்படியே. வாசகருக்கு அவன் எவ்வளவு தின்றான் என்பதை அந்த அடுக்குதான் சொல்கிறது.

ஓரிடத்தில் மட்டும் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் தவறாகிவிடும். 'அவுக குடுத்தாவ' என்பதை 'அவர்கள் கொடுத்தார்கள்' என்று எழுதினால், அங்கே பலர் இருந்ததாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். நெல்லைப் பேச்சில் அது மாமியார் ஒருவருக்கே உரிய மரியாதை. ஆகவேதான் 'அவர்' என்று எழுதினேன். இத்தகைய இடங்களை ஆச்சியிடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

'ஆம்' விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். 'போனானாம், கேட்டானாம்' என்று வருவது, இது கேட்ட கதை என்பதற்கு அடையாளம். எழுத்துத் தமிழிலும் முழு உரிமையுள்ள வடிவம். ஆனால் கதை சூடுபிடிக்கும் இடத்தில் சொல்பவர் அதை விட்டுவிடுவது உண்டு. மருமகன் 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே நடந்து, 'அத்திரிபாச்சா!' என்று தாண்டும் இடத்தைப் பதிவில் கேட்டுப் பாருங்கள். "தாண்டினான். மறந்துவிட்டான்" என்று 'ஆம்' இல்லாமல் வந்தால் அப்படியே விடுங்கள். எல்லா வினைக்கும் 'ஆம்' ஒட்டிச் சீராக்கினால் அந்தத் தாவல் செத்துப்போகும். அதே இடத்தில் ஆச்சி 'கொழுக்கட்டை' என்று ஏழு முறை சொல்லியிருந்தால் ஏழு முறையும் எழுதுங்கள். அத்தனை முறை உருப்போட்டவன் ஒரே தாவலில் மறந்தான் என்பதுதானே கதை!

சொற்களில் அவசரம் வேண்டாம். 'பைய நடந்தான்' என்று ஆச்சி சொன்னால், 'மெதுவாக' என்று மாற்றப் பலரும் துடிப்பார்கள். 'பசையினள் பைய நகும்' என்று வள்ளுவர் எழுதிய சொல் அது (குறள் 1098). எந்தச் சொல்லையும் நீக்குவதற்கு முன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் ஒருமுறை தேடுங்கள், இணையத்திலேயே இருக்கிறது. கொச்சை என்று நாம் ஒதுக்கும் பல சொற்கள் அங்கே இடம்பிடித்திருக்கும். 'அவித்து' என்பதையும் 'வேகவைத்து' ஆக்காதீர்கள்.

அவன் தாண்டியது வாய்க்காலா, சிங்கப்பூர்ப் பேச்சில் வடிகாலைக் குறிக்கும் லோங்காங்கா? இங்கே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி ஆச்சி 'லோங்காங்' என்று சொல்லியிருந்தால், 'வாய்க்கால்' என்று திருத்துவதை நான் ஏற்கமாட்டேன். அம்பாசமுத்திரத்துக் கதை தோ பாயோவுக்கு வந்து சேர்ந்த தடம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் அது புரியும்.

உரையாடலில் மட்டும் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். அவன் மனைவியை 'ஏட்டி' என்று அழைத்தால் அது 'அடியே' ஆக வேண்டாம். முதல் முறை வரும்போது கீழே ஒரு சிறு குறிப்புப் போதும். 'செய்யி' என்பது 'செய்' ஆகட்டும். கடைசியில், 'அத்திரிபாச்சா' செய்யத் தெரியவில்லை என்று அவன் அடித்து வீங்கிய மனைவியின் கன்னத்தைப் பார்த்து, "கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறதே!" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லும்போது அந்த 'ஏ' தவறக் கூடாது. 'போல' என்றும் மாற்ற வேண்டாம்.

முடித்ததும், பதிவை ஓடவிட்டு உங்கள் எழுத்தைக் கூடவே வாய்விட்டுப் படியுங்கள். ஆச்சி நிறுத்தும் இடத்தில் நீங்கள் நிறுத்த முடியாமல் ஓடினால், அங்கே இரண்டு வாக்கியங்களை ஒன்றாக இணைத்துவிட்டீர்கள், பிரித்துவிடுங்கள். பிறகு ஆச்சிக்கே படித்துக் காட்டுங்கள். "நான் இப்படியா சொன்னேன்?" என்று அவர் கேட்கும் வரிகளுக்குப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு, முதல் படியைத் திரும்ப எடுங்கள்.