கேட்வே ஸ்டேட்மென்ட்: ஒரே ஒரு செட்டில்மென்ட்ட எடுத்து பைசா வரைக்கும் கூட்டி பாருங்க

கேள்வி: காட்பாடில துணிக்கடை வச்சிருக்கேன், இப்ப தான் ஆன்லைன் ஸ்டோர் ஆரம்பிச்சேன். பேமென்ட் கேட்வேல 2% தான்னு சொன்னாங்க, ஆனா பேங்க்ல வர்ற காசு எந்த நாளும் என் கணக்கோட சேரல. அந்த ஸ்டேட்மென்ட்ட எப்படி படிக்கறது?

பதில்: நான் வேலூர்ல புடவைக்கடை வச்சிருக்கேன், ஆரணி பட்டு தான் நம்மகிட்ட அதிகம் போவும். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வர்ற கல்கத்தாக்காரங்க புடவை எடுத்துக்கினு போயி அப்புறம் ஊர்ல இருந்து போன் பண்ணி இன்னொன்னு வேணும்னு கேப்பாங்க, அவங்களுக்காகவே தான் ஆன்லைன்ல போட்டேன். முதல் மாசம் உங்க நிலைமை தான் எனக்கும், அதனால ஒரே ஒரு செட்டில்மென்ட்ட முழுசா சொல்றேன், அது புரிஞ்சா மத்ததெல்லாம் அதே மாதிரி தான்.

ஒரு வியாழக்கிழமை மூணு ஆர்டர் வந்துச்சு. 6,000 ரூபா கிரெடிட் கார்டுல, 1,500 யுபிஐல, 5,000 ஒரு கம்பெனி கார்டுல. மொத்தம் 12,500. 2% போனா 250, கைக்கு 12,250 வரணும்னு நோட்டுல எழுதி வச்சிட்டேன். வந்தது 8,681 ரூபா 40 பைசா. வயிறு கலங்கிடுச்சு.

முதல்ல தேதிய பாருங்க. எங்க கேட்வேல பணம் ரெண்டு வேலை நாள் கழிச்சு தான் வரும், அந்த வாரம் ரெண்டாவது சனிக்கிழமை பேங்க் லீவு, அடுத்தது ஞாயிறு, அதனால வியாழக்கிழமை வித்தது திங்கக்கிழமை தான் வந்துச்சு. வித்த தேதிய வச்சு ரிப்போர்ட் எடுத்தா எந்த காலத்துலயும் சேராது. செட்டில்மென்ட் ரிப்போர்ட்னு தனியா இருக்கும், அதுல ஒவ்வொரு வரிக்கும் `settlement_id`, `utr`னு ரெண்டு நம்பர் இருக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட்ல அந்த வரவு பக்கத்துல இருக்கற யுடிஆர் நம்பர எடுத்து ரிப்போர்ட்ல தேடுங்க, அந்த நம்பர் இருக்கற வரிங்க மட்டும் தான் அந்த ஒரு வரவு. எனக்கு மூணு வரின்னு நெனச்ச இடத்துல நாலு வரி இருந்துச்சு. நாலாவது என்னன்னு அப்புறம் சொல்றேன்.

இப்ப 6,000 ரூபா வரி. 2%ன்னா 120. அந்த 120 மேல 18% ஜிஎஸ்டி, அது 21.60. ஆக 141.60 புடிச்சிட்டு 5,858.40 குடுக்கறாங்க. அதாவது 2%னு வாயால சொல்றது நெஜத்துல 2.36%. அதோட இது புடவை விலை மேல மட்டும் இல்ல, கஸ்டமர் கட்டின மொத்த தொகை மேல, நீங்க போட்ட கூரியர் காசு, புடவைக்கான ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து தான். கம்பெனி கார்டுக்கு எங்க ஒப்பந்தத்துல 3%, அதனால 5,000க்கு 150, அதுக்கு ஜிஎஸ்டி 27, மொத்தம் 177 போயி 4,823 வந்துச்சு. கம்பெனி கார்டு, வெளிநாட்டு கார்டு, இஎம்ஐ இதுக்கெல்லாம் ரேட் தனியா இருக்கும், உங்க ரேட் கார்டுல கடைசி வரி வரைக்கும் படிங்க. யுபிஐ 1,500க்கு எங்களுக்கு ஒன்னும் புடிக்கல. 2020 ஜனவரில இருந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர், அதாவது பேங்க்காரங்க கடைக்காரங்ககிட்ட புடிக்கற கமிஷன், கிடையாது, ஆனா அது எம்டிஆருக்கு மட்டும் தான், கேட்வேக்காரங்க பிளாட்பார்ம் ஃபீஸ்னு அவங்க கட்டணம் போடலாம், பல பேர் போடறாங்க. ஒரு யுபிஐ வரில கட்டணம் இருந்து இன்னொன்னுல இல்லன்னா அது ரூபே கிரெடிட் கார்ட யுபிஐல சேர்த்து கட்டினதா இருக்கலாம், அந்த வரிய கிளிக் பண்ணி உள்ள பாருங்க.

நான் ரொம்ப நேரம் மாட்டிக்கினது `fee`, `tax` காலம்ல தான். 6,000 ரூபா வரில `fee`ல 141.60, `tax`ல 21.60 போட்டிருந்துச்சு. நான் ரெண்டையும் கழிச்சேன். கடைசில பேங்க்ல வந்தது என் கணக்க விட 48.60 அதிகமா இருந்துச்சு, குறைஞ்சா சண்டை போடலாம், கூட வந்தா யார்கிட்ட கேக்கறது? அப்புறம் தான் பாத்தேன், 21.60யும் 27யும் கூட்டினா சரியா 48.60. அதாவது `fee`க்குள்ளயே ஜிஎஸ்டி அடக்கம், `tax`ங்கறது அதுல வரி எவ்வளவுன்னு காட்டறதுக்கு மட்டும். சில கேட்வேல இது ரெண்டும் தனித்தனியா இருக்கும், அதனால ஒரே ஒரு வரிய கையால போட்டு பாருங்க: 6,000க்கு `fee` 120ன்னு இருந்தா வரி தனி, 141.60ன்னு இருந்தா வரி உள்ளயே இருக்கு.

அந்த நாலாவது வரி என்னன்னா ரீஃபண்ட். போன வாரம் ஒரு அம்மா கலர் வேறயா இருக்குன்னு 3,500 ரூபா புடவைய திருப்பி அனுப்பினாங்க, நான் டாஷ்போர்ட்ல ரீஃபண்ட் அமுக்கினேன். அந்த காச என் பேங்க்ல இருந்து எடுக்க மாட்டாங்க, அடுத்து வர்ற செட்டில்மென்ட்ல கழிச்சிக்குவாங்க. அந்த புடவை வித்தப்ப புடிச்ச 82.60 எங்க கேட்வேல திரும்ப வராது. வேற யாராவது அவங்க பேங்க்ல புகார் குடுத்து காச திருப்பி கேட்டு சார்ஜ்பேக் போட்டாலும் இதே மாதிரி தான் இன்னொரு நாள் வரவுல கழிஞ்சி வரும். அதனால எக்ஸெல்ல `credit` F காலம், `debit` G காலம்னு வச்சா இது ஒன்னு போதும்:

```
=SUM(F2:F5)-SUM(G2:G5)
```

கட்டணம் போக வந்த 5,858.40, 1,500, 4,823 மூணையும் கூட்டினா 12,181.40, அதுல 3,500 கழிச்சா 8,681.40. பேங்க்ல வந்த அதே தொகை.

கணக்கு எழுதும்போது 8,681.40ஐ விற்பனைன்னு எழுதிடாதீங்க, என் ஆடிட்டர் இதுக்கு தான் முதல்ல கோச்சிக்கினாரு. விற்பனை 12,500. கேட்வே கட்டணம் 270 செலவு. 48.60 நீங்க கட்டின ஜிஎஸ்டி, ரெகுலர் ஸ்கீம்ல இருந்தா உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம், காம்போசிஷன்ல இருந்தா முடியாது, அதுவும் செலவு தான். திருப்பி குடுத்த 3,500 விற்பனை வாபஸ். உங்க ஜிஎஸ்டி நம்பர கேட்வே டாஷ்போர்ட்ல போட்டிருக்கீங்களான்னு இன்னைக்கே பாருங்க. போடலன்னா மாசக் கடைசில அவங்க குடுக்கற இன்வாய்ஸ்ல உங்க நம்பர் இருக்காது, ஜிஎஸ்டிஆர்-2பில வராது, அந்த வரிய எடுக்க முடியாது. கேட்வே கம்பெனி பெங்களூர்ல பதிவாயிருந்தா இன்வாய்ஸ்ல ஐஜிஎஸ்டின்னு ஒரே வரியா தான் இருக்கும், சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டின்னு தேடாதீங்க.

எல்லாம் கூட்டியும் சேரலன்னா அந்த யுடிஆர் நம்பரயும் எந்த வரில எவ்வளவு வித்தியாசம்னும் எழுதி சப்போர்ட்டுக்கு டிக்கெட் போடுங்க. "காசு கம்மியா வந்துச்சு"ன்னு மட்டும் போட்டா ரேட் கார்டு லிங்க்க தான் திருப்பி அனுப்புவாங்க, எனக்கு ரெண்டு தடவ அப்படி தான் வந்துச்சு, வரி நம்பரோட மூணாவது தடவ எழுதினப்ப தான் ஒருத்தர் போன் பண்ணி பேசினாரு.