பெட்ரோல் பங்க் போட்டோவில் நாட்டைக் கண்டுபிடிப்பது

கேள்வி: ஒரு பெட்ரோல் பங்க் போட்டோவை மட்டும் வைத்து எந்த நாடு என்று சொல்ல முடியுமா? எஞ்சன் என்ற பெயர்ப்பலகை தெரிந்தால் அது தென்னாப்பிரிக்கா என்று வைத்துக்கொள்ளலாமா?

முடியும், ஆனால் பெயர்ப்பலகையை நம்பி முடிவு கட்டாதீர்கள். எஞ்சன் பங்க் டர்பனில் இருக்கிறது, நமீபியாவில் இருக்கிறது, போட்ஸ்வானாவில் இருக்கிறது, மொரீஷியஸிலும் ரியூனியனிலும்கூட இருக்கிறது. ஷெல்லும் டோட்டலும் எங்கே இல்லை? நான் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன். டர்பனில் குடியிருப்பதால் தென்னாப்பிரிக்காவை வைத்தே சொல்கிறேன்.

முதலில் குழலை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இங்கே சுயசேவைக்கு உரிமம் கிடையாது, சீருடை போட்ட ஊழியர்தான் நிரப்புவார். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்துப் பங்கில் வண்டியை நிறுத்தி "முந்நூறு ராண்டுக்கு" என்று சொன்னால், அவர் பம்பின் பொத்தான்களில் தொகையை அழுத்திவிட்டு, எண்ணெய் ஓடும் நேரத்தில் முன்கண்ணாடியைக் கழுவ வந்துவிடுவார். போட்டோவில் பம்புத் திண்டின் ஓரம் வாளியும் ரப்பர் துடைப்பானும் இருக்கும், ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் ஊழியர் நிற்பது இந்தியாவிலும் உண்டு, மொரீஷியஸிலும் ரியூனியனிலும் உண்டு. இதனால் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் ஆஸ்திரேலியாவும் கழிந்துபோகும், அவ்வளவுதான்.

அடுத்தது, இருப்பதைவிட இல்லாததைப் பார்க்க வேண்டிய இடம். சாலையிலிருந்து தெரிகிற மாதிரி உயரமான விலைக் கம்பம் இருக்கிறதா? ஜெர்மனியிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒளிரும் பெரிய எண்களோடு அது நிற்கும், ஏனென்றால் எதிர்ப் பங்கில் இரண்டு சென்ட் குறைவா என்று மக்கள் பார்ப்பார்கள். இங்கே பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிக்கிறது. ஒரே மண்டலத்தில் எல்லாப் பங்கிலும் ஒரே விலை என்றால் விளம்பரம் எதற்கு? அதனால் பெரும்பாலான பங்குகளில் கம்பத்தில் நிறுவனச் சின்னமும் கடைப் பெயரும்தான் இருக்கும். டீசலின் சில்லறை விலைக்கு இந்தக் கட்டு இல்லை, ஆகவே லாரிகள் ஒதுங்கும் நெடுஞ்சாலைப் பங்குகளில் டீசல் விலையை மட்டும் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பெட்ரோலை விட்டுவிட்டு டீசலுக்கு மட்டும் பலகை வைத்திருக்கிற பங்கைப் பார்த்தால் எனக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

சரி, உண்மையான விளையாட்டு பம்பின் திரையில்தான். மேலே ராண்ட், அடுத்து லிட்டர், கீழே ஒரு லிட்டரின் விலை. அந்தக் கடைசி எண் ராண்டில் இல்லாமல் சென்டில் வருவது இங்குள்ள வழக்கம், ஆகவே நான்கு இலக்கம் தெரியும். ஆஸ்திரேலியாவிலும் சென்ட் கணக்குதான், ஆனால் அங்கே 180, 200 என்று மூன்று இலக்கத்தில் நின்றுவிடும். மொரீஷியஸில் சில பத்து ரூபாய், ரியூனியனில் ஒன்றிரண்டு யூரோ. இந்தியப் பம்பு என்றால் நூறு ரூபாயை ஒட்டிய தொகையோடு அடர்த்தியும் காட்டும். அந்த ஒரு வரியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். லிட்டர் விலை வெளிச்சம் பட்டு வெளுத்துப்போயிருக்கிறது. ஆனால் தொகை 300.00, அளவு 11.50 என்று படிக்க முடிகிறது. இங்கே வாடிக்கையாளர் தொகை சொல்லியே போடுவதால் முழு எண்ணாக நிற்கிற பக்கம் பணத்தின் பக்கம். வகுத்தால் 26.09 வருகிறது. லிட்டர் இரண்டு தசமத்துக்குத்தான் காட்டுகிறது, அதனால் உண்மை அளவு 11.495க்கும் 11.505க்கும் நடுவில் இருக்கலாம், விலை 26.08க்கும் 26.10க்கும் இடையில். ஐம்பது ராண்டுக்கு மட்டும் போட்டிருந்தால் அளவு 1.92 என்று காட்டும், அப்போது விலை 25.97 முதல் 26.11 வரை எதுவாகவும் இருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தொகை பெரிதாக இருக்கிற படம்தான் பயன்படும்.

26.09க்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், விலை மாதத்துக்கு ஒரு முறைதான் மாறும், முதல் புதன்கிழமை. ஒவ்வொரு மாதத்து விலையும் அறிவிக்கப்பட்டு அட்டவணையாக இருக்கிறது. 2022 ஜூலையில் கடற்கரை மண்டலத்தில் 95 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 26.09 ராண்ட், ஜோகன்னஸ்பர்க் இருக்கிற உள்நாட்டு மண்டலத்தில் 26.74. டர்பன் துறைமுகத்திலிருந்து குழாய் வழியாக மேலே அனுப்புகிற செலவும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. ஆக ஒரு வகுத்தல் கணக்கில் நாடு, மாதம், கடற்கரையா உள்நாடா என்று மூன்றும் கிடைத்துவிட்டது. அதே பம்பில் 93 ஆக்டேன் என்ற வகையும் எழுதியிருந்தால் உள்நாட்டின் பக்கம் சாயலாம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிந்திருப்பதால் இன்ஜின் தட்டுவது குறைவு, 93 போதும். 93ஐ மட்டும் பார்த்து மயங்கவும் கூடாது, சிலியில் 93, 95, 97 மூன்றும் வரிசையாக நிற்கும். அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் போகும், எளிதில் பிரித்துவிடலாம்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நமீபிய டாலர், லெசோத்தோவின் லோட்டி, எஸ்வாத்தினியின் லிலங்கேனி மூன்றும் ராண்டுக்குச் சமமாகக் கட்டப்பட்டவை. அங்கேயும் ஊழியர், இடப்பக்க ஓட்டம், நான்கு இலக்கத்தை ஒட்டிய விலை. எண் அட்டவணையோடு பொருந்தாமல் கொஞ்சம் தள்ளி நின்றால் இவர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த இடத்தில் பம்பை விட்டுவிட்டு வண்டி எண்ணைப் பார்ப்பேன். நமீபியப் பலகை மஞ்சள், என் எழுத்தில் தொடங்கும். போட்ஸ்வானாவில் முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள், பி எழுத்தில் தொடங்கும். ரியூனியனில் பிரெஞ்சுப் பலகை, வலது ஓரத்து நீலப் பட்டையில் 974.

குழலின் நிறத்தை வைத்து யாராவது உறுதியாகச் சொன்னால் கேட்காதீர்கள். பிரிட்டனில் பச்சை என்றால் பெட்ரோல், அமெரிக்காவில் டீசலுக்கே பச்சையைப் பல இடங்களில் பார்க்கலாம். அதைவிட டீசல் பம்பில் "50 பிபிஎம்" என்று கந்தக அளவை எழுதியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், அது இந்தப் பகுதியில் உள்ள பழக்கம். ஆனால் டீசல் பம்பின் திரையில் மேலே சொன்ன வகுத்தலைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொரு பங்கும் தன் இஷ்டத்துக்குத் தள்ளுபடி தருவதால் அந்த எண் எந்த அட்டவணையிலும் அகப்படாது.