பிஎம்பி சான்றிதழ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

துணைமின் நிலையங்கள் கட்டித்தரும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் ஏழு ஆண்டுகளாகச் சோதனைப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். கடைசி இரண்டு நிலையங்களில் நான்கு பேர் கொண்ட சோதனைக் குழு என் பொறுப்பில் இருந்தது. இனி திட்ட ஒருங்கிணைப்பாளர், பிறகு திட்ட மேலாளர் என்று போக வேண்டும் என்பது என் விருப்பம். பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் எடுத்தால் அந்த வழி திறக்கும் என்று பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். என் மேலாளரோ, தாளை வைத்துக்கொண்டு சைட்டை நடத்த முடியாது என்கிறார். பணமும் ஆறு மாத மாலைப்பொழுதும் செலவாகும் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். உண்மையில் உதவுமா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

உதவும். ஆனால் பயிற்சி மையம் சொல்லும் வரிசை தலைகீழானது. பிஎம்பி என்பது ஒருங்கிணைப்பு வேலைக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவருக்குத் தரப்படும் சான்று. அமெரிக்காவில் 1969-இல் தொடங்கப்பட்ட ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் 1984 முதல் இதை வழங்கிவருகிறது. நான்காண்டுப் பட்டம் பெற்ற ஒருவர் தேர்வு எழுத வேண்டுமானால், திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவம் 36 மாதங்களும் திட்ட மேலாண்மைப் பயிற்சி 35 மணி நேரமும் காட்ட வேண்டும். அந்த 35 மணி நேரத்தைப் பயிற்சி மையம் விற்கிறது. 36 மாதங்களை யாராலும் விற்க முடியாது.

உங்கள் ஏழாண்டில் அந்த 36 மாதங்கள் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். பதவிப் பெயரில் ‘மேலாளர்’ என்று இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதே சமயம், ரிலேக்களை நீங்களே சோதித்துக் கையெழுத்திட்ட மாதங்கள், எவ்வளவு நுட்பமான வேலையாக இருந்தாலும், இதில் சேராது. எந்த ஃபீடரை எந்த நாளில் சோதிப்பது என்று அட்டவணை போட்டது, சோதனைக் கருவி வராதபோது வரிசையை மாற்றியது, நான்கு பேருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தது, வாடிக்கையாளரின் பொறியாளரோடு முடிவுக்கு வந்தது ஆகியவை சேரும். இரண்டு நிலையங்களில் ஒரே காலத்தில் வேலை நடந்திருந்தால் அந்த மாதங்களை ஒருமுறைதான் கணக்கிட வேண்டும். இப்படி நேர்மையாக எண்ணிப் பார்த்தால், ஏழாண்டு அனுபவம் உள்ள தொழில்நுட்பக்காரர்கள் பலருக்கும் ஒன்றரை ஆண்டு தேறுவதே கடினம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே தயாராக எழுதி வைத்த அனுபவக் குறிப்புகளைக் கையில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் வாங்காதீர்கள். விண்ணப்பங்களில் சிலவற்றைத் தணிக்கைக்கு எடுக்கிறார்கள். அப்போது நீங்கள் எழுதிய ஒவ்வொரு திட்டத்துக்கும் உங்கள் மேலதிகாரியோ உடன் வேலை பார்த்தவரோ கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டியிருக்கும்.

படிப்பதால் என்ன கிடைக்கும் என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நானும் சோதனைப் பிரிவிலிருந்து வந்தவன். ஒரு நிலையத்தில் முதன்முறையாக ஒருங்கிணைப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். மின்மாற்றி தொழிற்சாலையிலிருந்து வந்து சேர 20 வாரம், அதை நிறுவி எண்ணெய் வடிகட்ட 3 வாரம். மறுபக்கம், கட்டுப்பாட்டு அறைக் கட்டுமானம் 12 வாரம், ரிலே பேனல்களை நிறுத்த 3 வாரம், கேபிள் இழுத்து முனை கட்ட 4 வாரம். இரண்டு பக்கமும் முடிந்த பிறகே 2 வார இறுதிச் சோதனையைத் தொடங்க முடியும். மின்மாற்றிப் பக்கம் 23 வாரம், கட்டுப்பாட்டு அறைப் பக்கம் 19 வாரம். ஆகவே மொத்தத் திட்டம் 25 வாரம். கட்டுப்பாட்டு அறைப் பக்கத்துக்கு 4 வார இடைவெளி இருக்கிறது. இதைத்தான் பாடத்தில் ஃப்ளோட் என்கிறார்கள். இன்று ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுகிற இந்தக் கணக்கை அன்று நான் போடவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எழுதிய நீண்ட பட்டியல் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பது அதில் இல்லை.

பேனல்கள் 3 வாரம் தாமதமாக வந்தன. நான் தூக்கமின்றி அலைந்தேன். தினமும் பேனல் தயாரிப்பாளரிடம் தொலைபேசியில் சத்தம் போட்டேன். உண்மையில் அந்தத் தாமதம் 4 வார இடைவெளிக்குள் அடங்கிவிட்டது. கவலைப்பட வேண்டிய இடம் அதுவன்று. அதற்கடுத்த வாரம் வாடிக்கையாளரின் பொறியாளர் வெயிலில் என்னோடு நடந்துகொண்டே, கேபிள் டிரே போகும் வழியை மாற்றி, கட்டடத்தின் பின்பக்கமாகக் கொண்டுபோனால் பின்னாளில் விரிவாக்கத்துக்கு வசதியாக இருக்கும் என்றார். தொழில்நுட்ப ரீதியாக அவர் சொன்னது சரியான யோசனை. எனக்கும் பிடித்திருந்தது. செய்துவிடலாம் சார் என்று சொல்லிவிட்டேன். கேபிள் வேலை 4 வாரத்திலிருந்து 6 வாரமானது. டிரமில் இருந்த கேபிள் நீளம் போதவில்லை என்று ஃபோர்மேன் வந்து சொன்னபோதுதான் கூடுதல் செலவும் உறைத்தது. 12 வாரம், தாமதம் 3 வாரம், பேனல் 3 வாரம், கேபிள் 6 வாரம், ஆக 24. மின்மாற்றி 23-ஆவது வாரத்திலேயே தயாராகிக் காத்திருந்தது. திட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது.

ஒரு வாரம் பெரிய விஷயமில்லை என்று தோன்றலாம். ஆனால் தாமதத்துக்கான பிடித்தம் எங்கள் பில்லில் விழுந்தது. கூடுதல் கேபிளுக்கும் டிரேக்கும் பணம் வரவில்லை. மாற்றத்தைக் கேட்டது அவர்கள்தான் என்று காட்ட ஒரு வரி எழுத்து என்னிடம் இல்லை. அந்தப் பொறியாளர் பொய் சொல்லவில்லை. நான் யோசனைதான் சொன்னேன், பணம் தருவதாகவோ நாள் நீட்டிப்பதாகவோ சொல்லவில்லையே என்றார். அது உண்மைதான்.

பிறகு பிஎம்பிக்குப் படித்தபோது, என் தவறு அப்படியே பாடமாக இருந்ததைக் கண்டேன். மாற்றம் கேட்கப்பட்டால் முதலில் காலத்திலும் செலவிலும் அதன் விளைவைக் கணக்கிடு, மாற்றக் கோரிக்கையாக எழுது, ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் கொண்டுபோ, ஒப்புதல் வந்தபின் அட்டவணையைத் திருத்து, அதன் பிறகு வேலையைத் தொடங்கு. தேர்வில் இதே சூழ்நிலை வெவ்வேறு வேடத்தில் பல கேள்விகளாக வருகிறது. முதலில் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். நல்ல தொழில்நுட்பக்காரர் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் விடை, அதாவது உடனே பிரச்சினையைத் தீர்த்துவைப்பது, பெரும்பாலும் தவறான விடையாக இருக்கும். நம் கை சும்மா இருக்காது என்பதுதான் நம்முடைய பலமும் பலவீனமும். அந்தப் பழக்கத்தைச் சில நூறு மாதிரிக் கேள்விகள் உடைத்துப் போடுகின்றன. சான்றிதழின் உண்மையான பயன் என்று நான் மதிப்பது இதைத்தான்.

உங்கள் மேலாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேபிள் வழியை மாற்றச் சொன்ன அதே பொறியாளர்தான் வெள்ளிக்கிழமை எங்கள் வேலை அளவைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவர். அந்தக் கையெழுத்து இல்லாமல் மாத பில் நகராது. அவரிடம், நல்ல யோசனை சார், இதற்கு இரண்டு வாரம் கூடும், இன்று மாலை எழுதி அனுப்புகிறேன், உங்கள் மேலிடத்தில் ஒப்புதல் வாங்கித் தாருங்கள் என்று முகம் கோணாமல் சொல்வதற்கு எந்தத் தேர்வும் பயிற்சி தராது. 2021-இல் வந்த பாடத்திட்டம் மனிதர்களை நடத்தும் பகுதிக்கு 42 விழுக்காடு ஒதுக்கியது என்றாலும், திரையில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வது வேறு, கையெழுத்துக்காக நிற்பவரின் நிலையில் இருந்துகொண்டு பேசுவது வேறு. நான் நேர்காணல் நடத்தியபோது இந்த வேறுபாடு உடனே தெரிந்திருக்கிறது. உங்கள் திட்டம் எப்போது தள்ளிப்போனது, அதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பேன். அனுபவமில்லாமல் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர் பாடத்திலுள்ள படிகளை ஒப்பிப்பார். செய்தவர் ஒரு நாளையும் ஓர் ஆளையும் ஒரு பொருளையும் நினைவுகூர்ந்து பேசுவார்.

வேலைச் சந்தையைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். வெளி நிறுவனத்துக்கு, குறிப்பாக வளைகுடா நாடுகளின் கட்டுமான, ஆலோசனை நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது பிஎம்பி என்ற மூன்று எழுத்து உங்கள் விண்ணப்பத்தை முதல் வடிகட்டலில் காப்பாற்றும். ஏழாண்டாக உங்களைச் சோதனைப் பொறியாளராகவே பார்த்துப் பழகிய சொந்த நிறுவனத்தில் அதன் மதிப்பு குறைவு. அங்கே உங்கள் மேலாளர் அடுத்த நிலையத்தில் எதை உங்களை நம்பிக் கொடுக்கிறார் என்பதே தீர்மானிக்கும்.

ஆகவே அவரோடு வாதிடாமல் அவரிடமே வேலை கேளுங்கள். அடுத்த நிலையத்தில் வாராந்திர முன்னேற்றக் கூட்டத்தின் குறிப்பை நான் எழுதுகிறேன் என்று சொல்லுங்கள். மேலாளர்கள் மகிழ்ச்சியோடு தள்ளிவிடுகிற வேலை அது. யார் எதை எந்தத் தேதிக்குள் முடிப்பதாக ஒப்புக்கொண்டார் என்று எழுதி, அன்று மாலையே எல்லோருக்கும் அனுப்புபவரின் கையில்தான் சில மாதங்களில் ஒருங்கிணைப்பு வந்து சேர்கிறது. அதோடு அட்டவணையை, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்ற தொடர்புகளோடு, நீங்களே போடுங்கள். சிவில், மின்மாற்றி, பேனல் ஆட்களிடம் ‘எப்போது முடியும்’ என்று கேட்பதைவிட ‘எது வந்தால் நீங்கள் தொடங்க முடியும்’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் உங்களைச் சமாதானப்படுத்தும் தேதியைச் சொல்வார்கள், இரண்டாவது கேள்விக்குத்தான் வராமல் கிடக்கும் வரைபடமும் கட்டப்படாத முன்பணமும் வெளியே வரும்.

பொறுக்க முடியாமல் இப்போதே ஏதாவது சான்றிதழ் எடுக்க வேண்டுமென்றால், அதே அமைப்பின் சிஏபிஎம் இருக்கிறது. அதற்குத் திட்டங்களை நடத்திய அனுபவம் தேவையில்லை. ஆனால் ஏழாண்டு சைட்டில் நின்ற உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடக்கநிலையில் இருப்பவருக்கான அடையாளத்தை உங்கள் பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொள்வதாகிவிடும்.

இந்த வார இறுதியில் ஒரு தாளை எடுத்து, இதுவரை வேலை பார்த்த நிலையங்களை மாதவாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே, அந்த மாதம் நீங்கள் எடுத்த, பிறருடைய வேலையை மாற்றிய முடிவு ஒன்றை எழுதுங்கள். எழுத எதுவும் இல்லாத மாதங்களை அடித்துவிடுங்கள். மிஞ்சும் பட்டியலை உங்கள் மேலாளரிடம் காட்டி, இவற்றுக்கெல்லாம் கையெழுத்திடுவீர்களா என்று கேளுங்கள். 36-க்கு எத்தனை மாதம் குறைகிறது என்று தெரிந்தபின் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் தேதியை முடிவு செய்யலாம்.