பரிசு சொன்ன பிறகு சண்டை வராத ரங்கோலி அறிவிப்பு

"நாகர்கோவிலில் 60 வீடுகள் உள்ள அபார்ட்மெண்ட் எங்களுடையது. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு ரங்கோலிப் போட்டி வைக்கிறோம். போன வருஷம் பரிசு சொன்னதும் வயசு விஷயத்திலும் மார்க் விஷயத்திலும் ஒரே சண்டை. இந்த வருஷம் அறிவிப்பு எழுதுகிற பொறுப்பு என் தலையில். விதிமுறை, வயதுப் பிரிவு, மார்க் எல்லாம் ஒரே பக்கத்தில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி எப்படி எழுதணும் மேடம்?"

முதலில் என்ன கோலம் என்பதை முடிவு செய்யுங்கள். வெறுமனே "கோலப் போட்டி" என்று எழுதினால் ஒருவர் வெள்ளைப் பொடியில் சிக்குக் கோலம் போடுவார். பக்கத்துக் கட்டத்தில் பத்துக் கலரில் ஒரு மயில் நிற்கும். மூன்றாமவர் தோவாளையில் பூ வாங்கி வந்து ஓணத்துக்குப் போடுகிற மாதிரி அத்தப்பூ போட்டிருப்பார். சிக்குக் கோலத்தின் திறமை, கோடு எங்கும் அறுந்து நிற்காமல் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வந்து சேருவதில் இருக்கிறது. அதற்குக் கலருக்கான மார்க்கை எப்படிப் போடுவது? பூ விஷயம் இன்னும் மோசம். பொங்கல் நேரத்தில் பிச்சியும் மல்லிகையும் என்ன விலைக்குப் போகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காசு இருப்பவர் கட்டத்தை நிரப்பிவிடுவார். அதனால் "கோலப்பொடியும் வண்ணப்பொடியும் கொண்டு போடும் ரங்கோலி மட்டும், பூ, இலை, தானியம், விளக்கு கூடாது" என்று ஒரே வரியில் அடைத்துவிடுங்கள். சிக்குக் கோலக்காரர்கள் கோபித்தால் அவர்களுக்குத் தனிப் போட்டி வையுங்கள். இதில் கலக்க வேண்டாம்.

இடத்தையும் அப்படியே அளந்து கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 4 அடிக்கு 4 அடி, பிள்ளைகளுக்கு 3 அடிக்கு 3 அடி. முந்தின நாள் மாலையே சாக்பீஸால் கட்டம் போட்டு எண் எழுதிவிட வேண்டும். 4 அடிக் கட்டத்தை முழுக்க நிரப்ப இரண்டு கிலோ பொடி வரை பிடிக்கும். அளவு தெரிந்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு பொடியோடு வருவார்கள். தரையைக் கழுவுவதும் முந்தின நாளே நடக்கட்டும். காலையில் கழுவினால் ஈரத்தில் கலர்ப்பொடி கசிந்து, கோட்டின் ஓரம் மங்கிவிடும்.

அடுத்தது வயது. போன வருஷம் எங்கே தவறியது என்று ஊகிக்க முடிகிறது. "10 வயது வரை", "10 முதல் 15 வரை" என்று எழுதியிருப்பீர்கள். பத்து வயதுப் பிள்ளை எந்தப் பக்கம்? சௌகரியமான பக்கம்தான். எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது: 6 முதல் 9, 10 முதல் 14, 15 முதல் 59, 60-உம் அதற்கு மேலும். "ஜனவரி 1 அன்று நிறைந்த வயது" என்ற சொற்களும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் "வர்ற மாசம்தானே பத்து முடியுது" என்று பேரம் தொடங்கும். ஒரு பிரிவில் நான்கு பேருக்குக் குறைவாகப் பெயர் வந்தால் அடுத்த பிரிவோடு சேர்க்கப்படும் என்பதையும் முன்கூட்டியே போடுங்கள். "பெண்கள் பிரிவு" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஆண்களும் போடட்டும்.

யார் இந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர் என்பதில்தான் பாதிச் சண்டை ஒளிந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வாடகைக்கு இருப்பவர், சொந்தக்காரர் என்ற பேதமே வேண்டாம். வாட்ச்மேன் குடும்பம் வளாகத்துக்குள் தங்கியிருந்தால் அந்தப் பிள்ளைகளும் உண்டு. வளைகுடாவில் அப்பா, இங்கே அம்மாவும் பிள்ளைகளும் என்றால் கேள்வியே இல்லை. அந்த அப்பா விடுமுறைக்கு வந்திருந்தாலும் அவர் வீடு இதுதான். ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளை பொங்கல் லீவுக்கு வந்திருந்தால் அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ஆனால் கல்யாணமாகித் திருவனந்தபுரத்தில் இருக்கும் மகள், அவளோடு வந்த பேத்தி? இவர்கள் விருந்தினர். "எங்க வீட்டுப் பொண்ணு இல்லையா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். வீட்டுப் பெண்தான், ஆனால் குடியிருப்பவர் இல்லை. துரத்த வேண்டாம், விருந்தினர் கட்டம் என்று இரண்டு மூன்று ஒதுக்குங்கள், போடட்டும், சான்றிதழ் கொடுங்கள், முதல் இடம், இரண்டாம் இடம் என்று மட்டும் அறிவிக்க வேண்டாம். மகள் பிரசவத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். போட்டிக்கு முன் 30 நாள் தொடர்ந்து இங்கே இருந்தவர் எவரும் குடியிருப்பவர்தான் என்று ஒரு வரி எழுதுங்கள். அவரும் உள்ளே வந்துவிடுவார், போட்டிக்கு முந்தின நாள் பெட்டியோடு இறங்குபவர் வெளியே நிற்பார். ஹாஸ்டல் பிள்ளைக்கும் விடுமுறைக்கு வந்த அப்பாவுக்கும் மட்டும் இந்த 30 நாள் கணக்கு பொருந்தாது.

மார்க்கை நான்கு தலைப்புக்கு மேல் பிரிக்காதீர்கள். இரு பக்கமும் ஒத்திருப்பதும் கோட்டின் சுத்தமும் சேர்த்து 40, வண்ணப் பொருத்தம் 30, சொந்தக் கற்பனை 20, நேரத்துக்குள் முடித்து இடத்தைச் சுத்தமாக வைப்பது 10. நடுவர் தாளில் கட்ட எண் மட்டும் இருக்க வேண்டும், வீட்டு எண் கூடாது.

சண்டையின் அடிவேர் மார்க்கைக் கூட்டும் முறையில் இருக்கிறது. மூன்று நடுவர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நடுவர் மார்க்கை ரொம்ப ஏற்றி இறக்கிப் போடுபவர்: 7-ஆம் கட்டத்துக்கு 90, 12-ஆம் கட்டத்துக்கு 65. மற்ற இருவர் அதிக வித்தியாசம் காட்டாதவர்கள். இரண்டாமவர் 7-க்கு 70, 12-க்கு 74. மூன்றாமவர் 7-க்கு 71, 12-க்கு 75. கூட்டினால் 7-க்கு 231, 12-க்கு 214. மூவரில் இருவர் 12 நன்றாக இருக்கிறது என்றார்கள், ஆனாலும் பரிசு 7-க்குப் போகிறது. ஒருவருடைய ஏற்ற இறக்கம் மற்ற இருவரையும் அமுக்கிவிட்டது.

மாற்று வழி எளிது. ஒவ்வொரு நடுவரும் தன் மார்க்கை வைத்துக் கோலங்களை முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசைப்படுத்தட்டும். அந்த இடங்களைக் கூட்டுங்கள். குறைந்த எண் வந்தவர் வெற்றி. இந்த இருவரை மட்டும் பார்த்தால் 7-க்கு 1+2+2, ஆக 5. 12-க்கு 2+1+1, ஆக 4. பரிசு 12-க்கு. சமமாக வந்தால் ஒத்திசைவுக்கும் கோட்டுக்குமான 40-இல் அதிக மார்க் எடுத்தவர் மேலே. நடுவர்கள் வெளியாட்களாக இருக்கட்டும். யாருக்காவது சொந்தக்காரர் என்றால் அவர் எவ்வளவு பெரிய ஓவியராக இருந்தாலும் வேண்டாம்.

இப்போது நான் எங்கே போனாலும் சொல்கிற எச்சரிக்கை. உங்கள் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வெளியே போன மறுநாளே ஒருவர் வருவார். பேனர், பரிசு, மைக் எல்லாம் தாங்களே தருவதாகச் சொல்வார். பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: பெயர் கொடுத்தவர்களின் போன் நம்பர். பொங்கல் முடிந்ததும் நகைச் சீட்டு, மனை விற்பனை என்று அறுபது வீட்டுக்கும் அழைப்பு வரும். பதிவுத் தாளில் பெயர், வயது, வீட்டு எண் போதும். போன் நம்பர் கேட்கவே கேட்காதீர்கள்.

இன்னொரு வகை ஆள், "உலக சாதனைச் சான்றிதழ்" வாங்கித் தருகிறேன் என்று தலைக்கு இவ்வளவு ரூபாய் கேட்பார். அறுபது பேர் ரங்கோலி போட்டதில் உலகத்துக்கு என்ன சாதனை? அந்தக் காசில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு டிபன் பாக்ஸ் வாங்கலாம். கட்டணம் வாங்குவதே தேவையில்லை. வாங்கினால் அறிவிப்பிலேயே தொகையும் செலவுக் கணக்கு ஒட்டும் தேதியும் இருக்க வேண்டும்.

அறிவிப்பு இந்த அளவுக்குள் அடங்கட்டும்:

ரங்கோலிப் போட்டி: ஞாயிறு காலை 7 முதல் 8.30 வரை, கீழ்த்தள பார்க்கிங். 6.30-க்குள் வர வேண்டும்.
யார்: இங்கே குடியிருப்பவர், ஆண், பெண் இருபாலரும். போட்டிக்கு முன் 30 நாள் தொடர்ந்து இங்கே இருந்தவர் எவரும் குடியிருப்பவரே. ஹாஸ்டல், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த நம் வீட்டாரும் உண்டு. விருந்தினருக்குத் தனிக் கட்டம், சான்றிதழ் மட்டும்.
பிரிவு: 6–9, 10–14, 15–59, 60-உம் அதற்கு மேலும். ஜனவரி 1 அன்று நிறைந்த வயது. நான்கு பேருக்குக் குறைந்தால் பிரிவு சேர்க்கப்படும்.
தனியாக மட்டும். 6–9 பிரிவில் பெற்றோர் பக்கத்தில் உட்காரலாம், கை வைக்கக் கூடாது.
பொடி அவரவரே கொண்டு வர வேண்டும். சாக்பீஸ், நூல், வடிகட்டி, சீப்பு கொண்டு வரலாம். கோல அச்சு, ஸ்டிக்கர், பூ, இலை, தானியம், விளக்கு கூடாது. கட்டத்தில் போன் கூடாது. தாளில் வரைந்து வந்த மாதிரியைப் பார்க்கலாம்.
சாமி உருவம், கட்சிச் சின்னம், தலைவர் படம் வேண்டாம்.
மார்க்: ஒத்திசைவும் கோடும் 40, வண்ணம் 30, கற்பனை 20, நேரமும் சுத்தமும் 10. மூன்று நடுவர்களும் கொடுக்கும் இடங்களைக் கூட்டி, குறைந்த எண் வந்தவருக்குப் பரிசு.
புகார்: முடிவு ஒட்டிய அரை மணி நேரத்துக்குள் எழுத்தில்.

சாமி உருவத்தைத் தடுத்தது சிலருக்குப் பிடிக்காது. மாலையில் கார்கள் அதன்மேல் ஏறும்போது யாருக்கும் பிடிக்காது. பல மதத்தார் சேர்ந்து இருக்கும் குடியிருப்பில் "அறுவடை" என்று ஒரு பொதுத் தலைப்பு கொடுத்துவிட்டால் பானையும் கரும்பும் மாடும் தானாக வரும்.

இதைச் செயலாளர் பார்த்து, பொருளாளர் பார்த்து, தலைவர் கையெழுத்துப் போட்டு வர நம் சங்கங்களில் பத்து நாள் ஆகிவிடும். பத்து வரி அறிவிப்புக்கு மூன்று கையெழுத்து எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதற்காகக் காத்திருந்து போட்டிக்கு மூன்று நாள் முன்பு ஒட்டினால் பொடி வாங்கக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. இரண்டு வாரம் முன்பே லிப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், கையெழுத்து பிறகு வரட்டும்.

கடைசியாக ஒரு வேலை. 8.30 ஆனதும் நடுவர்கள் வருவதற்கு முன்பே, ஒவ்வொரு கட்டத்தையும் எண் தெரியும்படி நாற்காலி மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தூண்களுக்கு நடுவே காற்று புகுந்து பொடியைக் கிளப்பிவிடும், பூனை குறுக்கே ஓடும். யாராவது ஸ்கூட்டரை நகர்த்துவார்கள். புகார் வந்தால் நடுவர்கள் பார்ப்பது இந்தப் போட்டோவைத்தான். சின்னப் பிள்ளைகளின் கட்டங்களை முதலில் மதிப்பிடட்டும், அவை நெடுநேரம் தாங்காது.