எடிட்டருக்குத் தரும் குறிப்பில் தலைப்பு, தம்ப்நெயில் எழுத்து, அத்தியாயப் பெயர்

கேள்வி: யூடியூப் காணொளிகளை ஃப்ரீலான்ஸ் எடிட்டர் ஒருவரிடம் கொடுத்துச் செய்கிறேன். தலைப்பு, தம்ப்நெயிலில் வரும் எழுத்து, அத்தியாயப் பெயர்கள் மூன்றையும் நானே எழுதிக் கொடுக்க வேண்டுமா? குறிப்பை எப்படி எழுதினால் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருக்காது?

பதில்: நீங்களே எழுதிக் கொடுப்பதுதான் சரி. காணொளியில் எதைச் சொன்னோம், எதைச் சொல்லவில்லை என்பது பேசியவருக்குத்தான் முழுமையாகத் தெரியும். வெட்டி ஒட்டுபவர் நல்ல எண்ணத்தோடு ஒரு சொல்லைக் கூட்டினாலும், காணொளி கொடுக்காத வாக்குறுதியைத் தலைப்பு கொடுத்துவிடும். நான் நில ஆவணங்களை விளக்கும் காணொளிகள் செய்பவன். வில்லங்கச் சான்றைப் படிப்பது பற்றிய காணொளிக்கு எழுதும் குறிப்பையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதலில் தலைப்பு. "வில்லங்கச் சான்று படிப்பது எப்படி? நிலம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை" என்பது நான் கொடுக்கும் வாசகம். கைப்பேசியில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால், தேடுபவர் தட்டச்சு செய்யும் சொற்கள் முன்னால் நிற்கின்றன; கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது மறைந்தாலும் பொருள் கெடாது. யூடியூப் தலைப்புக்கு 100 குறிகள்தான் இடம் தருகிறது. தமிழில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. மேலே உள்ள தலைப்பில் இடைவெளியையும் கேள்விக்குறியையும் தவிர்த்தால் 36 எழுத்துகள்தான். ஆனால் இடைவெளிகளோடு சேர்த்து அது 72 குறிகளை எடுத்துக்கொள்கிறது. ஆகவே கடைசி நேரத்தில் எடிட்டர் சேனல் பெயரையோ ஹாஷ்டேக்கையோ தலைப்பில் சேர்க்க நினைத்தால் இடம் போதாமல் போகலாம். "தலைப்பின் பின்னால் எதுவும் சேர்க்க வேண்டாம்" என்று குறிப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

தலைப்போடு சேர்த்து, பயன்படுத்தக் கூடாத சொற்களையும் காரணத்தோடு எழுதுகிறேன். "இனி ஏமாறவே மாட்டீர்கள்", "நூறு சதவீதம் பாதுகாப்பு" போன்றவை இந்தக் காணொளிக்குப் பொருந்தாது. வில்லங்கச் சான்று, நாம் கேட்ட காலத்துக்குள் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும்; பதிவு செய்யப்படாத ஒப்பந்தமோ உயிலோ அதில் வராது. இந்த ஒரு வரிக் காரணத்தைப் படித்த எடிட்டர், தடை செய்த சொல்லை மட்டுமல்லாமல் அதன் உறவுச் சொற்களையும் தாமே தவிர்க்கிறார். காரணம் எழுதாத தடைப்பட்டியலுக்கு இந்தப் பயன் கிடைப்பதில்லை.

தம்ப்நெயில் எழுத்து, தலைப்பைத் திரும்பச் சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரிபவை. ஒன்று பொருளைச் சொன்னால் மற்றொன்று பார்ப்பவரின் கேள்வியைச் சொல்ல வேண்டும். இந்தக் காணொளிக்கு நான் கொடுக்கும் எழுத்து "எந்த வரியில் கடன்?" என்ற மூன்று சொற்கள். பின்புலத்தில் சான்றின் படம், அதில் "தன்மை" என்ற கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம். அடமானம் பதிவாகியிருந்தால் அந்தக் கட்டத்தில்தான் தெரியும் என்பதால், படமும் எழுத்தும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. சான்றில் உள்ள பெயர்களையும் சர்வே எண்களையும் மறைக்கச் சொல்வதும் இந்தப் பத்தியிலேயே வரும். அவை வேறொருவருடைய விவரங்கள். படத்தின் வலது கீழ் மூலையில் காணொளியின் நீளம் வந்து உட்காரும் என்பதால், அந்த மூலையில் எழுத்து வரக் கூடாது என்றும் எழுதுங்கள்.

தமிழ் எழுத்தில் மட்டும் வரும் சிக்கல் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல எடிட்டர்கள் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை வைத்திருக்கிறார்கள். நாம் அனுப்பும் யூனிகோடு எழுத்தை அதில் நேரடியாக ஒட்ட முடியாது. மாற்றியில் போட்டு எடுப்பார்கள், அல்லது பார்த்துத் தட்டச்சு செய்வார்கள். இரண்டிலும் புள்ளி விடுபடும், றகரம் ரகரமாகும். யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்தினாலும், ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் Preferences பகுதியில் Type என்பதற்குள் World-Ready Layout தேர்வாகியிருக்காவிட்டால், "கெ", "கொ" போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத எடிட்டராக இருந்தால் இது அவர் கண்ணில் படவே படாது. அதனால் குறிப்பில் எழுத்தை நகலெடுக்கும் வகையில் தருவதோடு, அதே எழுத்து சரியாகத் தெரியும் திரைப்பிடிப்பு ஒன்றையும் இணைக்கிறேன். "இறுதிப் படத்தை இதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடவும்" என்பது அதன் கீழ் வரும் வாசகம். எந்த எழுத்துரு வேண்டும் என்பதையும் பெயர் சொல்லிக் கோப்போடு அனுப்பிவிடுங்கள்.

அத்தியாயங்களில் பலர் நேரக் குறியைத் தாங்களே எழுதிக் கொடுக்கிறார்கள். மூலப் பதிவில் பார்த்துக் குறித்த நேரம், இருமலும் இடைவெளியும் வெட்டப்பட்ட பிறகு பொருந்தாது. நான் பெயரையும், அந்த அத்தியாயம் தொடங்கும் முதல் வாக்கியத்தையும் மட்டும் கொடுக்கிறேன். எடுத்துக்காட்டாக, "கடன் தீர்ந்த ரசீதைத் தேடுவது" என்ற அத்தியாயம், "அடமானம் ஒன்று பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததற்கான ரசீதும் பிறகு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்" என்ற வாக்கியத்தில் தொடங்கும் என்று எழுதியிருப்பேன். எடிட்டர் இறுதிக் கோப்பில் அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்து நேரத்தை நிரப்பினால், விவரப் பெட்டியில் ஒட்ட வேண்டியது இப்படி வரும்:

```
00:00 வில்லங்கச் சான்று எதைக் காட்டும்
01:25 ஆவண எண், நாள், தன்மை
03:50 அடமானம் இருப்பதை அறிவது
06:10 கடன் தீர்ந்த ரசீதைத் தேடுவது
07:40 சான்றில் வராதவை
```

முதல் வரி 00:00 என்றே தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று அத்தியாயங்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 10 வினாடியாவது நீள வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நாம் எழுதிய அத்தியாயங்கள் காணொளியில் வராமல் போகும். முன்னால் ஒரு சிறு அறிமுக இசை சேர்க்கும் எடிட்டர், முதல் அத்தியாயத்தை 00:05 என்று குறித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. பெயர்களைச் சுருக்கமாக வையுங்கள். முன்னேற்றப் பட்டைக்கு அருகில் நீண்ட பெயருக்கு இடமில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு எதிரே "நீக்கக் கூடாது" என்று எழுதுவேன். காணொளி நீண்டுவிட்டது என்று எடிட்டர் குறைக்க முனையும்போது, வேகம் குறைந்த இறுதிப் பகுதிதான் முதலில் கத்தரிக்கு இரையாகும். "சான்றில் வராதவை" போய்விட்டால், "பார்க்க வேண்டியவை" என்ற தலைப்பு அரைகுறை ஆகிவிடும். எனவே, எந்த அத்தியாயமாவது நீக்கப்பட்டால் தலைப்பையும் தம்ப்நெயிலையும் மறுபடி என்னிடம் காட்ட வேண்டும் என்பதைக் குறிப்பில் ஒரு நிபந்தனையாக வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் கட்டிப்போடுவது போலத் தோன்றலாம். அதனால் குறிப்பின் தொடக்கத்திலேயே எது மாறாதது, எது அவருடைய விருப்பம் என்று பிரித்துச் சொல்லிவிடுவது மரியாதை. சொற்கள் என்னுடையவை, நிறம், எழுத்தின் அளவு, வட்டம் வரையும் விதம், படத்தின் அமைப்பு எல்லாம் அவருடையவை. வாசகத்தில் மாற்றம் தேவை என்று அவருக்குத் தோன்றினால், தாமே மாற்றாமல் தம் வாசகத்தைப் பக்கத்தில் எழுதி அனுப்பலாம். தம்ப்நெயிலை அடுக்குகள் பிரிந்த கோப்பாகவும் தர வேண்டும் என்பதைக் கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள்; பிறகு ஒரு புள்ளியைத் திருத்த அவரைத் தேட வேண்டியதில்லை.

வெளியிடுவதற்கு முன் காணொளியை Unlisted நிலையில் ஏற்றச் சொல்லி, இணைப்பைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். பட்டையில் அத்தியாயப் பிரிவுகள் தெரிகின்றனவா, ஒவ்வொன்றையும் தொட்டால் குறிப்பில் உள்ள முதல் வாக்கியம் கேட்கிறதா, கையை நீட்டிப் பிடித்த தூரத்தில் தம்ப்நெயிலின் மூன்று சொற்களையும் படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே இறுதித் தவணையைக் கொடுப்பது என் வழக்கம்.